கதவுடன் கூடிய தனி அறை

துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற வருடங்கள் அவை. சில நாட்களில் அந்த வரிசை காசிமேட்டில் தொடங்கி எங்கள் கம்பெனி யார்டைத் தாண்டியும் போகும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள், துணி துவைத்து முன் கண்ணாடியில் காயப்போடுவார்கள். அந்தச் சாலையில் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்போது அவர்கள் மட்டும்தான். அதற்கு யாரும் விதி எழுதவில்லை.

எங்கள் அலுவலகம் திருவொற்றியூரைத் தாண்டி, சாலையோரம் இருந்தது. முன்னால் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்கிய யார்டு, பின்னால் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். நான் பணியாளர் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். வருகைப் பதிவு, லீவு, பி.எஃப்., யாருக்கு எந்தச் சீருடை என்பது எல்லாம் என் மேசைக்கு வரும். கம்பெனியின் தலைமையகம் வெளிநாட்டில் இருந்தது. அங்கிருந்து பண்டிகை வாழ்த்துகளும் கொள்கைகளும் வரும். இரண்டையும் போர்டில் ஒட்டுவோம்.

டாக்குமென்டேஷனில் ஒரு பெண்மணி இருந்தார். ராயபுரம். நாற்பது வயதிருக்கும். கப்பலில் ஏறப்போகும் பெட்டிகளின் பட்டியலை வெளிநாட்டு அலுவலகத்துக்கு நேரத்தில் அனுப்புவது அவர் வேலை. பட்டியல் போகாவிட்டால் பெட்டி ஏறாது. பெட்டி ஏறாவிட்டால் சரக்குக்குச் சொந்தக்காரர் போனில் எங்கள் குடும்பங்களைப் பற்றிப் பேசுவார்.

ஒருநாள் காலை அவர் வந்த பஸ் தண்டையார்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. எதிர்த் திசையையும் லாரிகள் பிடித்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் பட்டியல் போக வேண்டும். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வழியே நடந்து வீட்டுக்குப் போனார். பையனின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது, அப்போதுதான் பிராட்பேண்டும் போட்டிருந்தார்கள். ஆபீஸ் மெயிலைத் திறந்து, விவரங்களை எடுத்து, பட்டியலைப் போட்டு நேரத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து மற்ற வேலைகளையும் முடித்தார். வெளிநாட்டிலிருந்து மேனேஜருக்கு நன்றி சொல்லி மெயில் வந்தது. மேனேஜர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம்.

மாதக் கடைசியில் அந்த நாளுக்கு அவர் கணக்கில் ஒரு லீவு கழிந்திருந்தது. கழித்தது நான்தான்.

அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், அன்னிக்கு நான் வேலை செஞ்சேனா, லீவுல இருந்தேனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"வேலைதான் செஞ்சீங்க மேடம்."

"அப்புறம் லீவு ஏன் போயிருக்கு?"

"ரெஜிஸ்டர்ல கையெழுத்து இல்லியே."

"எல்லாரும் கை தட்டுனீங்களே, அது லீவுல இருந்தவளுக்கா?"

மேனேஜரிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான். நகரத்தின் தெற்கே வீடு, தினமும் கம்பெனிக் காரில் வந்து போவார். அதனால் சாலையைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கோபப்படுவார்.

"ரூல் இல்லாம ஒருத்தருக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வீட்ல உக்காந்துப்பாங்க," என்றார். "ஹெட் ஆபீஸ்ல இதுக்கு ஒரு பாலிசி இருக்கே. அதுல ஊர்ப் பேரை மாத்தி ஒட்டிடு."

மாற்றி ஒட்டினேன். இங்கிலீஷில் ஐந்து பக்கம். தகுதியுள்ள ஊழியர்கள், பொருத்தமான சூழ்நிலைகளில், மேலாளரின் விருப்புரிமைக்கு உட்பட்டு, பொதுவாக வீட்டிலிருந்து பணிபுரியலாம் என்று அது சொன்னது. யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு, மேலாளர் தகுதியுள்ளவராகக் கருதுகிறவருக்கு என்று பதிலும் சொன்னது. படிக்கும்போது கம்பீரமாக இருந்தது. முடித்த பிறகு எதைப் படித்தோம் என்று தெரியவில்லை. அந்த ஐந்து பக்கங்களில் திட்டவட்டமாக இருந்த வரி ஒன்றே ஒன்று: ஊழியரின் வீட்டில் கதவுடன் கூடிய தனி அறை இருக்க வேண்டும், அதைப் பணியாளர் பிரிவு நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஒட்டிய அன்றே குழப்பம் ஆரம்பித்தது. அடுத்தடுத்த மேசையில் ஒரே வேலை செய்த இரண்டு கிளார்க்குகள் தனித்தனியாக மேனேஜரிடம் போய்க் கேட்டார்கள். ஒருவர் பொறுப்பானவர் என்பதால் அவருக்கு உண்டு. மற்றவர் இன்னும் கொஞ்சம் பழக வேண்டியவர் என்பதால் இல்லை. பிறகு ஒரு வாரம் அந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை.

யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கொருக்குப்பேட்டைக்காரர் என்னைத் தேடி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேனேஜர் எதிரில் என்னை சார் என்பார், மற்றபடி நைனா.

"இன்னா நைனா, மொத வரியிலயே ஆல் எம்ப்ளாயீஸ்னு போட்டுகீது. நானும் எம்ப்ளாயிதானே?"

"எல்லா எம்ப்ளாயியும் இதைப் படிக்கணும்னு போட்டிருக்கு அண்ணே."

"படிச்சிட்டேன். அப்புறம்?"

"ஃபோர்க்லிஃப்டை வீட்ல இருந்து எப்படி ஓட்டுவீங்க?"

"அத்த நான் சொல்லல. எனக்குக் கெடையாதுன்னு எங்க போட்டுகீது, காட்டு. காட்டிட்டா பேசாம போயிடறேன்."

ஐந்து பக்கத்தையும் புரட்டினேன். எங்கேயும் போட்டிருக்கவில்லை. அவர் பேசாமல் போகவும் இல்லை.

ராயபுரத்து மேடம் முறையாக மனுக் கொடுத்தார். எனவே முறையாக நான் கதவைப் பார்க்கப் போக வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பூசை முடிந்து வந்த நேரம். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தின் பாதியில் புடவையைத் திரையாகக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கணவர் படுத்திருந்தார். இந்தப் பக்கம் தையல் மெஷின் மேசைமேல் பூப்போட்ட துணி போர்த்திய கம்ப்யூட்டர். மாமியார் தரையில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கதவு பார்க்கணும் மேடம்," என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

"பாருங்க சார். வாசக் கதவு ஒண்ணு கீது, பாத்ரூம் கதவு ஒண்ணு கீது. எத எழுதணுமோ எழுதிக்கோங்க."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவரின் குரல் வந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது.

"வேலைய கதவு செய்யப்போவுதா சார், இவ செய்யப்போறாளா?"

மாமியார் என்னை உட்காரச் சொல்லி, டீ போடச் சொன்னார். வந்தவர் வீட்டை ஏலம் போட வந்த பேங்க்காரர் என்றுதான் அவர் நினைத்திருந்தார் என்று மேடம் பிறகு சொன்னார்.

திரும்பி வரும்போது மனதுக்குள் ஒவ்வொருவர் வீடாக எண்ணிப் பார்த்தேன். கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, மாத்தூர், திருவொற்றியூரில் என் வீடு. கதவுடன் கூடிய தனி அறை எங்கள் ஆபீஸில் ஒரே ஒருவர் வீட்டில்தான் இருந்தது. அவர் மேனேஜர். அதே பாலிசியின் நான்காம் பக்கத்தில், கிளை மேலாளர்கள் அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆக, எல்லாருக்கும் பொருந்தும் அந்தக் கொள்கை எங்கள் கிளையில் யாருக்கும் பொருந்தவில்லை.

மறுநாள் தலைமையகத்துக்கு மெயில் போட்டேன். கதவு எதற்காக? இரண்டு நாள் கழித்து அங்கிருந்த பணியாளர் அதிகாரி அம்மா ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதினார். வாடிக்கையாளரின் விவரங்களை வேறு யாரும் பார்க்கக் கூடாது, போனில் பேசும்போது பின்னால் சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான், கதவு அதற்கு ஒரு வழி. அப்படியானால் அந்த இரண்டையும் எழுதிவிட்டுக் கதவை விட்டுவிடலாமா என்று கேட்டேன். தாராளமாக, உங்கள் கிளைக்கு ஏற்ப எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், சரிபார்த்து ஒப்புதல் தருகிறோம் என்றார். ஒரு கதவை எடுக்க இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

யார்டு ஆட்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி அரசாங்க நோட்டீஸ் மாதிரி வந்தது. அனுமதி வழங்கப்படும், பரிசீலிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும். வாசித்துப் பார்த்தால் ஆபீஸே ஆள் இல்லாமல் தானாக நடப்பது போலிருந்தது. யார் வழங்குவார், யார் பரிசீலிப்பார் என்று எங்கேயும் இல்லை. எனவே 'படும்' என்று முடிகிற வாக்கியம் ஒன்றுகூட வரக்கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பெரும்பாலும் அந்த ஆள் மேனேஜராக இருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாத்தையும் இப்படி எழுதி வெச்சுட்டா நான் எதுக்குப்பா?" என்றார். "விருப்புரிமைன்னு ஒண்ணு வேணும் இல்ல?"

"வேணும் சார். எதுல வேணும்னு சொல்லுங்க, அதையும் எழுதிடறேன்."

"எழுதிட்டா அது எப்படி விருப்புரிமை?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். நான் அந்த இரண்டு கிளார்க்குகளையும் ஞாபகப்படுத்தினேன். அவர்கள் நடுவில் பேச்சு இல்லாததால் ஒரு பெட்டியின் எடை இரண்டு தடவை பதிவாகிக் கஸ்டம்ஸில் விளக்கம் எழுத வேண்டி வந்தது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. பிறகு, "சரி, எழுது. ஆனா என்னைக் கேக்காம யாரும் வீட்ல உக்காரக் கூடாது, அதை மட்டும் போடு," என்றார். போட்டேன். எப்போது கேட்க வேண்டும், அவர் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே போட்டேன். அவர் அதைக் கவனித்தது பிற்பாடுதான்.

எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சோதித்தோம். நான் ஒரு நிலைமையைச் சொல்வேன். அவர்கள் தாளைப் பார்த்து, அந்த ஆள் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தப்பு அவர்கள்மேல் இல்லை, என் வாக்கியத்தின்மேல் என்று ஒப்பந்தம். முதல் நாள் எல்லா நிலைமைக்கும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். என் சாம்பார் சாதம் ஆறிப்போயிற்று.

மேடம் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு பத்தியே புதிதாகச் சேர்ந்தது.

"பவர் கட்டு ஆயிடுச்சுன்னா?"

அதைப் பற்றி ஹெட் ஆபீஸ் பாலிசியில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஊரில் மின்சாரம் போவதில்லையாம்.

"கரன்ட்டு இல்லன்னா அது வேலையா, லீவா?" என்றார் மேடம். அந்தக் கேள்வியை அவர் இனி விடப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

"ஆபீஸ்ல கரன்ட்டு போனா நமக்கு லீவா போடறாங்க?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் தினமும் வந்து உட்கார்ந்தார். தனக்குக் கிடையாது என்கிற வரியைத் தன் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று இருந்தார்.

கடைசியில் அது இரண்டு பக்கத்துக்குள் வந்தது. தகுதி ஆளுக்கு இல்லை, அன்றைக்குச் செய்யும் வேலைக்கு என்று ஆரம்பித்தேன். அசல் காகிதமோ முத்திரையோ யார்டில் நேரில் நிற்பதோ தேவைப்படாத வேலையை, ஆறு மாதம் சர்வீஸ் முடித்த எவரும், வீட்டில் போனும் இன்டர்நெட்டும் இருந்தால், வீட்டிலிருந்து செய்யலாம். கேட்டு வருகிறவருக்கு மட்டும்தான், யாரையும் வீட்டிலிருந்து செய் என்று அனுப்பக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட், கேட், கிடங்கு, கேஷ் ஆகிய வேலைகளை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்று பெயர் சொல்லி எழுதினேன். அண்ணன் அந்த வரியில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். "இப்ப கரீட்டு," என்றார். கிடைக்காததில் அவருக்கு வந்த திருப்தி, கிடைத்தவர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்து, வீட்டில் இருந்தாலும் அது வேலை நாள். காலையில் ஆபீஸ் தொடங்கும் நேரத்துக்கு முன் மேலாளருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் அரை மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் எந்தப் பத்தியின்படி என்று எழுதித் தர வேண்டும். போன் வந்தது என்று பணியாளர் பிரிவு ரெஜிஸ்டரில் குறிக்கும், அதுவே கையெழுத்து. ஆபீஸ் நேரம் முழுக்கப் போனில் கிடைக்க வேண்டும். வாடிக்கையாளர் தாள்களை வீட்டார் எடுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. ஆபீஸ் வேலைக்குப் பேசிய போன் கட்டணத்தைக் கம்பெனி தரும். மின்சாரம் போனால் உடனே சொல்ல வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் வராவிட்டால் அவசர வேலையை ஆபீஸில் யார் எடுத்துக்கொள்வது என்று மேலாளர் சொல்ல வேண்டும், அதற்காக லீவு கழிக்கக் கூடாது.

கடைசியாக விதிவிலக்கு. மேலே சொன்ன நிபந்தனை ஒன்றுக்கு ஒருவர் பொருந்தாவிட்டாலும், காரணம் இருந்தால் மேலாளர் அனுமதிக்கலாம். காரணத்தையும் முடியும் தேதியையும் எழுத வேண்டும், முடிவுத் தேதி இல்லாத விதிவிலக்கு செல்லாது. ஒருவருக்குத் தந்ததை அதே நிலைமையில் இருக்கும் இன்னொருவருக்கும் தர வேண்டும். மறுத்தால் தலைமையகத்துக்கு எழுதலாம்.

நான் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றி அனுப்பினேன். ஒப்புதல் வந்தது. மேடத்தின் லீவு அவர் கணக்குக்குத் திரும்பியது. இங்கிலீஷில் இவ்வளவு எளிமையாக எழுதுவது கடினம், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று தலைமையகத்து அம்மா கேட்டிருந்தார். எனக்கு அதற்குமேல் இங்கிலீஷ் தெரியாது என்று எழுதவில்லை.

அடுத்த நெரிசல் வந்த வாரம் டாக்குமென்டேஷனில் பாதிப் பேர் போன் செய்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். பட்டியல்கள் நேரத்துக்குப் போயின. மூன்றாம் நாள் மேடம் மட்டும் வேர்த்து வழிய ஆபீஸுக்கு வந்து நின்றார்.

"என்ன மேடம், உங்களுக்குத்தான் உரிமை இருக்கே."

"இருக்கட்டும் சார். வூட்ல உக்காந்தா, சும்மாத்தானே கீறேன்னு மீன் வாங்க அனுப்புறாங்க. வேலை நாள்னு போர்டுல போட்டதை எங்க மாமியார் படிக்கல."

மாமியாரையும் கட்டுப்படுத்துகிற மாதிரி ஒரு பத்தி எழுத முடியுமா என்று கேட்டார். அது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றேன். அதற்குப் பிறகு லாரி நின்றாலும் நிற்காவிட்டாலும் அவர் ஆபீஸுக்கே வந்தார். தேவைப்படும்போது வீட்டில் இருக்கலாம் என்பது தெரிந்திருந்தாலே போதும் என்றார்.

விதிவிலக்கை முதலில் கேட்டு வந்தது ஃபோர்க்லிஃப்ட் அண்ணன். சைக்கிளில் போகும்போது சாலைப் பள்ளத்தில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருந்தவர், மச்சான் கையில் ஒரு மனுக் கொடுத்து அனுப்பினார். மனுவில் இருந்தது இதுதான்: தகுதி ஆளுக்கு இல்லை, அன்றைக்குச் செய்யும் வேலைக்கு என்று பாலிசியின் முதல் வரியில் இருக்கிறது. எனவே கால் சரியாகும் வரை தனக்கு வீட்டிலிருந்து செய்கிற வேலை ஒன்று கொடுத்தால் தானும் தகுதிதான். இன்டர்நெட் மட்டும் இல்லை, அதற்கு விதிவிலக்கு வேண்டும். டாக்டர் சொன்ன தேதி முடிவுத் தேதி.

மேனேஜர் மனுவை மூன்று முறை படித்தார்.

"இதை யாரு எழுதிக் கொடுத்தது?"

"தெரியல சார். ஆனா சரியா எழுதியிருக்கு."

"நீ எழுதின பாலிசியாலதான் இது."

"ஆமா சார். மறுக்கணும்னா எந்தப் பத்தின்னு எழுதணும்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுக்க ஒரு பத்தியும் கிடைக்கவில்லை. வரிசையில் நிற்கும் எங்கள் லாரி டிரைவர்களுக்குப் போன் போட்டு யார் எங்கே நிற்கிறார் என்று கேட்டுச் சொல்லும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தோம். யாரும் விரும்பாத வேலை அது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி தன் செல்லிலேயே அதைச் செய்தார். டிரைவர்கள் டீக்கடையில் இருந்துகொண்டு வண்டியில் இருப்பதாகச் சொன்னால், பின்னால் கேட்கும் பாட்டை வைத்தே எந்தக் கடை என்று சொல்லித் திட்டுவாராம். போன் பில் மட்டும் கொஞ்சம் அதிகமாக வந்தது. பாலிசியில் அதற்கு உச்சவரம்பு போட நான் மறந்திருந்தேன். கால் சரியானதும், குறித்த தேதியில் திரும்பி வந்து வண்டியில் ஏறினார்.

எனக்கும் ஒருமுறை வீட்டில் இருக்க வேண்டிய தேவை வந்தது. மனைவிக்குக் காய்ச்சல். போன் செய்ய எடுத்தபோதுதான் யோசித்தேன். என் வேலை முழுக்க அசல் காகிதம், ரெஜிஸ்டர், முத்திரை. ஆளுக்கு இல்லை, வேலைக்கு. விதிவிலக்குக் கேட்கலாம் என்றால், அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களின் போனை ரெஜிஸ்டரில் குறிப்பதற்கு ஆபீஸில் பணியாளர் பிரிவு இருந்தாக வேண்டும். பிரிவு நான் ஒருவன். அன்றைக்கு லீவு போட்டு, மறுநாள் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது சிரித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் பேனாவை ரசித்து மெதுவாக நகர்த்தினார்.

இரண்டு வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருவர் வந்தார். வந்த முதல் வாரமே சாலை அடைத்துக்கொண்டது. காலையில் அடுத்தடுத்து நான்கைந்து போன்கள் வந்தன. யாருக்கு அனுமதி, எதற்கு, எதுவரை என்று கேட்க என்னைக் கூப்பிடுவார் என்று ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் போர்டுக்கு முன்னால் நின்று இரண்டு பக்கத்தையும் படித்தார். அறைக்குப் போய் எல்லாருக்கும் பதில் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை. என்னை எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.